அடுப்பு அதேதான், கேஸ்தான் வேறு: ஜெட் பற்றிய சில கேள்விகள்

கேள்வி: சிலிண்டரில் இருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறினோம். அடுப்பு பழையதுதான். இப்போது தீ சோம்பலாக எரிகிறது, தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரமாகிறது. குழாய் கேஸுக்கே சூடு குறைவா?

கேஸைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் அடுப்பில் சிலிண்டருக்கான ஜெட் இன்னும் அப்படியே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஜெட் என்பது பர்னருக்குக் கீழே, கேஸ் வெளியே பாயும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் முடி போன்ற ஓட்டை. அந்த ஓட்டையின் அளவும் கேஸின் அழுத்தமும் சேர்ந்துதான் எவ்வளவு சூடு வெளியே வரும் என்பதை முடிவு செய்கின்றன. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும்போது சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் இருக்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அது பொதுவாக 20 அல்லது 21 மில்லிபாரில் வரும். ஒரு கன மீட்டர் சிலிண்டர் கேஸ் தரும் வெப்பத்தில், அதே அளவு மீத்தேன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் தரும். ஆனால் மீத்தேன் எடை குறைந்தது, அதனால் அதே ஓட்டை வழியாக வேகமாகப் பாயும். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், குழாய் கேஸுக்கு ஓட்டையின் பரப்பு சுமார் இரண்டு மடங்கு வேண்டும்.

பரப்பு இரண்டு மடங்கு என்றால் விட்டம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 1.4 மடங்கு. சிலிண்டருக்கு 0.70 மில்லிமீட்டர் ஜெட் இருந்த இடத்தில் குழாய் கேஸுக்கு 1.0 மில்லிமீட்டர் வரும். பல ஜெட்களின் தலையில் 70, 100 என்று எண் பொறித்திருக்கும். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கணக்கு அது. பர்னரைக் கழற்றி, டார்ச் அடித்துப் படித்துப் பாருங்கள்.

எண் தெரியவில்லையா? மீட்டரிடம் கேளுங்கள். வீட்டில் கேஸில் ஓடும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பர்னரை முழுத் தீயில் 10 நிமிடம் எரியவிடுங்கள். அது 1.75 கிலோவாட் பர்னர் என்று வைத்துக்கொள்வோம். சரியான ஜெட் இருந்தால் மீட்டர் சுமார் 30 லிட்டர், அதாவது 0.030 கன மீட்டர் நகரும். பழைய 0.70 ஜெட்டே இருந்தால் 15 லிட்டரோடு நின்றுவிடும். உங்கள் பர்னர் எத்தனை கிலோவாட் என்பது அடுப்பின் கையேட்டில் இருக்கும். அந்த விகிதத்தில் கணக்கைக் கூட்டியோ குறைத்தோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: ஊசியாலோ டிரில்லாலோ பழைய ஜெட்டைப் பெரிதாக்க விடாதீர்கள். அப்படிக் குத்திய ஜெட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டை கோணலாகிவிட்டால் கேஸ் ஒரு பக்கமாகப் பாய்ந்து, காற்றோடு சரியாகக் கலக்காமல் போகிறது. அந்த அடுப்புக்கென்றே தயாரிப்பாளர் தரும் ஜெட்தான் போட வேண்டும்.

கேள்வி: ஜெட் மாற்றுவதற்குப் பதில் குழாயில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டால் என்ன?

கூடாது. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கேஸ் இரண்டு மடங்கு பாய வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும், அதாவது 84 மில்லிபார். குழாயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கேஸ் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பது, அதில் நாம் கை வைக்கக் கூடாது.

கேள்வி: ஜெட் மாற்றினார்கள், பெரிய தீ அருமையாக எரிகிறது. ஆனால் சிம்மில் வைத்தால் அணைந்துவிடுகிறது.

வேலை பாதியில் நின்றிருக்கிறது. சிம்மில் வைக்கும்போது கேஸ் வால்வுக்குள் இருக்கும் இன்னொரு சின்ன வழியாகத்தான் வரும். அந்த வழிக்கும் ஒரு திருகு உண்டு, பல அடுப்புகளில் குமிழைக் கழற்றினால் தெரியும். சிலிண்டருக்கு அதை முழுக்க இறுக்கி வைத்திருப்பார்கள். குழாய் கேஸுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதை மறந்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. மாற்றியவரையே திரும்பக் கூப்பிடுங்கள். அவர் போவதற்கு முன் முழுத் தீயில் இருந்து சட்டென்று சிம்முக்குத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் சிம்மில் வைத்து, பக்கத்து அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இரண்டுக்கும் அணையாமல் இருந்தால் சரி.

கேள்வி: நான் எதிர்த் திசையில் வந்தவன். குழாய் கேஸ் வீட்டில் இருந்த அடுப்பைப் புது வீட்டில் சிலிண்டரில் மாட்டினேன். தீ மஞ்சளாக உயரமாக எரிகிறது, பாத்திரம் எல்லாம் கரி.

உடனே அணைத்துவிட்டு இந்தப் பதிலைப் படியுங்கள். முதல் கேள்வியில் இருப்பது வெறும் தொல்லை, உங்களுடையது ஆபத்து. 1.0 மில்லிமீட்டர் ஜெட்டில் 30 மில்லிபார் சிலிண்டர் கேஸ் பாய்ந்தால், 1.75 கிலோவாட் பர்னர் 3.5 கிலோவாட்டை எரிக்கப் பார்க்கும். அதற்குத் தேவையான காற்று பர்னருக்குள் வராது. எரியாமல் மிஞ்சும் கார்பன்தான் பாத்திரத்தில் படியும் கரி. கண்ணுக்குத் தெரியாத பாதி, கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது. சமைக்கும்போது தலைவலி, மயக்கம் வந்தால் சளி என்று நினைத்துக்கொள்ளாமல் வெளியே வந்துவிடுங்கள். ஜெட்டை மாற்றி, சிம் திருகை இறுக்கி, நீலச் சுடர் வந்த பிறகே சமையல்.

கேள்வி: எது பாதுகாப்பானது? வீட்டில் இதுவே தினசரி விவாதம்.

ஒழுகினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையில் படர்ந்து, அலமாரிக்கு அடியிலும் சாக்கடை வாயிலும் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் நிலை. மீத்தேன் மேலே எழும்பும், அது பற்ற 5 சதவீதம் வேண்டும். ஆகவே ஒரே அளவுப் பொத்தலில் ஒரே நேரம் ஒழுகினால் மீத்தேன் சற்று மன்னிக்கும் கேஸ், அதுவும் மேலே திறந்த ஜன்னலோ காற்றுப்போக்கியோ இருந்தால்தான். மூடிய அறையில் அதுவும் வெடிக்கும்.

இன்னொரு வித்தியாசத்தை யாரும் பேசுவதில்லை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். சிலிண்டரைப் படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். அதனால்தான் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்கிறோம். குழாயில் அந்தக் கவலை இல்லை. ஆனால் சிலிண்டர் ஒரு நாள் தீரும், குழாய் தீராது. வால்வை மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். அந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது சமைப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

கேள்வி: கேஸ் அலாரம் வாங்கினேன். எங்கே மாட்டுவது?

சிலிண்டர் என்றால் தரையில் இருந்து ஒரு அடிக்குள். குழாய் கேஸ் என்றால் கூரையில் இருந்து ஒரு அடிக்குள். சிலிண்டரில் இருந்து குழாய்க்கு மாறியவர்கள் பழைய அலாரத்தைத் தரையோரமே விட்டுவிடுகிறார்கள், அது மேலே சேரும் மீத்தேனைப் பார்க்கவே பார்க்காது. அதோடு உங்கள் அலாரம் எந்த கேஸுக்கானது என்பதை அதன் பின்புறத்தில் படித்துவிட்டு மாட்டுங்கள்.