பூ கேட்டால் பரோட்டா

கேள்வி: சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. மாமியாரும் வருகிறார். போன தடவை எழுத்து சொல்லி ஊர், பூ, மிருகம் கேட்கிற விளையாட்டு ஆடினோம். மகள் டக்கென்று சொல்லிவிடுவாள். ‘ப’வில் பூ கேட்டால் மகன் ‘பரோட்டா’ என்பான், நான் திருத்துவேன். கடைசியில் அழுகைதான். திண்டிவனம் வருவதற்குள் இருவர் கையிலும் போன். சிரித்துக்கொண்டே போக ஏதாவது விளையாட்டு உண்டா?

பதில்: பரோட்டா என்றானா? அதைப் போய்த் திருத்தினீர்களா? 600 கிலோமீட்டருக்கு வேண்டிய சரக்கை அந்தப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறான், நீங்கள் சிவப்பு மையால் தப்பு போட்டிருக்கிறீர்கள். பரோட்டாப்பூ எந்த மாசம் பூக்கும், பாட்டி தலையில் எத்தனை முழம் வைக்கலாம் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போன் வெளியே வந்திருக்காது.

மகளுக்கும் இதில் அநியாயம்தான். தம்பி தோற்றால்தான் நமக்கு ஜெயம் என்று அவள் இப்போதே பழகுகிறாள். அக்கா தம்பிக்குள் அந்தக் கணக்கை நுழைய விடக்கூடாது, அதுவும் அம்மா கையால். திருத்துவதற்குப் பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை அந்தப் பரோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பதில் சொல்பவர், மற்றவர்கள் கேட்பவர்கள். என்ன கேட்டாலும் பதில் ‘பரோட்டா’தான், கேள்விக்கு ஏற்ப வால் மட்டும் மாறும். பதில் சொல்பவர் சிரிக்கக்கூடாது, பல் தெரிந்தால் அவுட். பத்துக் கேள்வி தாங்கிவிட்டால் அவர் ஜெயித்தார், அடுத்தவர் முறை.

“காலைல எதால பல் தேய்ச்ச?”

“பரோட்டாவால.”

“பாட்டி காதுல எதைப் போட்டிருக்காங்க?”

“பரோட்டாவை.”

“அப்பா எதுக்குப் பெட்ரோல் போட்டார்?”

“பரோட்டாவுக்கு.”

“இப்ப எதுல போயிட்டிருக்கோம்?”

“பரோட்டாவுல.”

பெரும்பாலும் இந்த நாலாவது கேள்வியிலேயே பல் தெரிந்துவிடும். தமிழில் இந்த விளையாட்டு எடுபடுவதே அந்த வேற்றுமை உருபால்தான். சின்னவன் “பரோட்டாவை போறோம்” என்பான். வாயைத் திறக்காதீர்கள். “எதுல?” என்று இன்னொரு தடவை இழுத்துக் கேளுங்கள், ‘ல’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி ‘எது, எதை, எதால, எதுக்கு, எதுல, எதோட, யார்’ என்றே இருக்க வேண்டும். “சாப்டியா?” என்று கேட்டால் பரோட்டா அதில் உட்காராது, ஆட்டம் படுத்துவிடும். இன்னொன்று, கேள்வியும் கோமாளித்தனமாக இருக்கக்கூடாது. “யானை எதால பறக்கும்?” என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. தினம் வீட்டில் நடக்கிறதை முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டால்தான் பதில் கோணலாகத் தெரியும். இந்தக் கேள்வி தயாரிக்கிற வேலைதான் கஷ்டம். அதை மகளிடம் கொடுங்கள். அவள் புத்திக்கு அதுதான் தீனி, இதில் தம்பியை முந்தவும் வழி இல்லை.

அடுத்த சுற்றுக்குச் சொல்லை மாற்றும்போது கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் போடுங்கள். முருங்கைக்காய், துடைப்பம், இட்லித்தட்டு எல்லாம் நன்றாக ஓடும். சொந்தக்காரர் பெயரும் கக்கூஸ் சொற்களும் அந்தச் சட்டத்திலேயே அடிபட்டுப் போகும். ‘தண்ணி’ வேண்டாம். அது பாதிக் கேள்விக்குச் சரியான பதிலாகவே பொருந்திவிடும், பிறகு எங்கே சிரிப்பது?

கேள்வி முடிவதற்குள் கத்த ஆரம்பித்தார்கள் என்றால் விளையாட்டு சூடேறிவிட்டது என்று அர்த்தம். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டு மாமியாரிடம் போங்கள். அவரைப் பின் சீட்டில் நடுவில் உட்கார வையுங்கள். பெரியவர்களை ஜன்னலோரம் சாத்தி வைத்துவிட்டு ஊர் போய்ச் சேருகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. மகள் ஒரு காதில் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி ஓதட்டும். அது என்னவென்று தெரியாமல் மகன் மறு காதில் ‘ஏன்னா’ என்று ஒரு காரணம் ஓதட்டும். பாட்டி இரண்டையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்வார்: “அப்பாவுக்கு ஏன் முடி கொட்டுது? ஏன்னா அது ஹோம்வொர்க் எழுதலை.” காரணம் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். “ஏன்னா பல்லி” என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால் ஒட்டாது. ஆறு வயதுக்கு வாக்கியம் வராவிட்டால், “நேத்து நீ அழுதியே, அது ஏன்?” என்று பாட்டி மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐந்து ஜோடிக்கு ஒன்றிரண்டு சப்பென்று போகும், விட்டுவிடுங்கள்.

ஓட்டுகிற மனுஷரைப் பதில் சொல்பவராகப் போடாதீர்கள். பல் தெரிகிறதா என்று பிள்ளைகள் அவர் தோளைப் பிடித்துத் திருப்புவார்கள். அவர் முறை டீக்கடையில் வண்டி நின்ற பிறகு.