சங்கன் சிலாப்பை ஒட்டிய மூலை அறை: அட்டவணை 26-இல் எந்த வகை?

கேள்வி: மூலையில் உள்ள அறை 4.5 × 5.4 மீ. அதன் வலப்புறம் 3.6 × 5.4 மீ. அறை, பின்புறம் 4.5 மீ. விளிம்பு முழுவதும் 300 மி.மீ. தாழ்த்திய குளியலறை சிலாப் வருகிறது. மூலை அறையை 'அடுத்தடுத்த இரு விளிம்புகள் தொடர்ச்சியற்றவை' என்று எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு அறைகளுக்கும் பொதுவான பீமின் மேல் இரண்டு வேறு விடைகள் வருகின்றன. எந்த விடைக்குக் கம்பி கட்டுவது?

பதில்: பொது பீமுக்குப் போவதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்த வகையையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஐ.எஸ். 456:2000 விதிநூலின் அட்டவணை 26 'தொடர்ச்சியான விளிம்பு' என்று சொல்லும்போது, அந்த விளிம்புக்கு அப்பால் இன்னொரு சிலாப் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்து மேல்கம்பி வளையாமல், அறுபடாமல், அதே மட்டத்தில் அடுத்த சிலாப்புக்குள் நீண்டு, அங்கே தன் இழுவிசையை இறக்கிவைக்க முடிகிறதா என்பதே கேள்வி. 150 மி.மீ. கனமுள்ள உங்கள் சிலாப்பின் மேல்கம்பி பின்புறப் பீமைத் தாண்டினால், 300 மி.மீ. கீழே இருக்கும் குளியலறை சிலாப்பை எட்டவே எட்டாது. வெறும் நிரப்பு மண்ணுக்குள்தான் போகும். கட்டட வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தெரியும் அந்த விளிம்பு, கணக்கில் தொடர்ச்சியற்றது. ஆகவே மூலை அறைக்கு முன்புறம், இடப்புறம், பின்புறம் ஆகிய மூன்று விளிம்புகளும் தொடர்ச்சியற்றவை, 5.4 மீ. நீளமுள்ள வலப்புற நீள்விளிம்பு ஒன்றே தொடர்கிறது. இது அட்டவணையின் 7-ஆம் வகை, நீங்கள் எடுத்த 4-ஆம் வகை அன்று. குளியலறை பின்விளிம்பின் பாதியை மட்டும் அடைத்திருந்தாலும் நான் இதே முடிவைத்தான் எடுப்பேன்.

இந்த மாற்றத்தின் விலை என்ன என்று பார்ப்போம். சுயஎடை 3.75, தரைப்பூச்சு 1.25, பயன்பாட்டுச் சுமை 2.0 என்று கூட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 7.0 கிலோநியூட்டன், 1.5 பாதுகாப்புக் காரணியால் பெருக்கினால் 10.5. சிறிய வீச்சு 4.5 மீ., பெரிய வீச்சு 5.4 மீ., விகிதம் 1.2.

```
Mx = αx · w · lx²
My = αy · w · lx²
w · lx² = 10.5 × 4.5² = 212.6
```

இரண்டு வாய்பாடுகளிலும் lx தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். My கணக்கில் ly-ஐப் போட்டுக் கம்பியை வீணாக்குவதை அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கிறேன். நீள்திசைக் கெழு விகிதத்தோடு மாறாமல் ஒரே எண்ணாக இருப்பதற்கும் காரணம் இதுதான்: நீள்திசைத் திருப்புத்திறனும் சிறிய வீச்சின் வர்க்கத்தால் அளக்கப்படுகிறது.

4-ஆம் வகையில் சிறு வீச்சுக்கான கெழுக்கள் தாங்கியின் மேல் 0.060, நடுவில் 0.045. ஆகவே ஒரு மீட்டர் அகலத்துக்குத் தாங்கியில் 12.8, நடுவில் 9.6 கிலோநியூட்டன் மீட்டர் உங்களுக்குக் கிடைத்திருக்கும். 7-ஆம் வகையில் அவை 0.071, 0.053 ஆகின்றன, தாங்கியில் 15.1, நடுவில் 11.3. நீள்திசையின் நடுவில் கெழு 0.035-இலிருந்து 0.043-க்கு ஏறி 9.1 ஆகிறது, பின்புறப் பீமின் மேல் நீங்கள் கணக்கிட்டிருந்த எதிர்த் திருப்புத்திறன் முற்றாக மறைந்துவிடுகிறது. அங்கே தாங்கப்படாமல் போனதை நடுவீச்சும் வலப்புற விளிம்பும் சுமக்கின்றன; நடுவீச்சில் மட்டும் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது.

இனி வலப்புற அறை. அதன் பின்புறமும் வலப்புறமும் சிலாப் அதே மட்டத்தில் தொடர்வதாக எடுத்துக்கொள்கிறேன். முன்புறக் குறுவிளிம்பு ஒன்றுதான் தொடர்ச்சியற்றது, எனவே 2-ஆம் வகை, விகிதம் 1.5, கெழுக்கள் 0.057, 0.044. அதே சுமைக்குத் தாங்கியில் 7.8, நடுவில் 6.0 வருகிறது. பொது பீமின் இடப்புறம் 15.1, வலப்புறம் 7.8: உண்மையான சிலாப்பில் ஒரே கோட்டில் இப்படி இரண்டு மதிப்புகள் இருக்க முடியாது. ஒவ்வொரு பேனலையும் அதன் அண்டை வீட்டாரை அறியாததுபோல் அட்டவணை தனித்தனியே கணக்கிடுவதால் வரும் முரண் இது. அண்டைப் பேனல்களின் வீச்சும் சுமையும் ஏறத்தாழ ஒத்திருந்தால் முரண் சிறியதாக இருக்கும். இங்கே வீச்சும் வேறு, வகையும் வேறு.

இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துக் கம்பி கட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பொதுவானது. சராசரி 11.4 என்று மேல்கம்பியைக் குறைத்துவிட்டு, மூலை அறையின் நடுக்கம்பியை அட்டவணை சொன்ன 11.3-க்கே விட்டுவிடுகிறார்கள். தாங்கி கைவிட்ட பங்கை யாராவது சுமக்க வேண்டுமல்லவா? அதற்கு நடுவீச்சில் கம்பி இல்லை.

முறையாகச் செய்வதற்குப் பழைய பிரிட்டிஷ் விதிநூலான பி.எஸ். 8110 ஒரு வழி காட்டியது. இரண்டு தாங்கி மதிப்புகளையும் நிலைமுனைத் திருப்புத்திறன்களாகக் கொண்டு, அவற்றின் வேறுபாட்டைப் பேனல்களின் விறைப்பு விகிதத்தில் பகிர்வது. பின் ஒவ்வொரு பேனலிலும் தாங்கி, நடு இவற்றின் கூட்டுத்தொகை முன்பிருந்த அளவே இருக்கும்படி நடுவீச்சைத் திருத்துவது. மூலை அறையின் மறுமுனை தொடர்ச்சியற்றது என்பதால் அதன் விறைப்பு 0.75/4.5, வலப்புற அறையின் விறைப்பு 1/3.6. பங்கீடு 0.375-க்கு 0.625. வேறுபாடு 7.3-ஐப் பகிர்ந்தால் இருபுறமும் 12.3 என்று ஒன்றுபடுகிறது, மூலை அறையின் நடுவீச்சு 14.0-க்கு உயர்கிறது. நிலையியலின்படி ஒரு தாங்கி இழந்ததில் பாதிதான் நடுவுக்கு வரும். முழுவதையும் நடுவில் கூட்டச் சொல்வது அந்த விதியின் எச்சரிக்கை.

கம்பியாக மாற்றிப் பாருங்கள். எம் 20 கான்கிரீட், எஃப்.இ. 500 கம்பி, 20 மி.மீ. கவர், 8 மி.மீ. கம்பி என்றால் பயனுறு ஆழம் 126 மி.மீ. பெரிய மதிப்பையே தாங்கிக்கு எடுத்தால் மேலே மீட்டருக்கு 292, நடுவில் 214 சதுர மி.மீ. தேவை. பகிர்ந்து கணக்கிட்டால் மேலே 236, நடுவில் 270. கூட்டினால் இரண்டும் 506 தான்! அடிக்கம்பி அறை முழுவதும் ஓடுகிறது, மேல்கம்பி பீமின் இருபுறமும் சில அடி தூரம்தான் போகிறது என்பதையும் சேர்த்தால், பகிர்வு முறையில் உங்களுக்கு இரும்பு கூடத்தான் செலவாகும். எனவே என் பரிந்துரை, பொது பீமின் மேல் 15.1-க்கே கம்பி கட்டுங்கள், நடுவில் 11.3-ஐ அப்படியே வையுங்கள்.

இதில் ஒரு கேள்வி எழ வேண்டும். அந்தப் பீமின் மேல் உண்மையில் 12 அளவே உருவாகிறது என்றால், நடுவீச்சுக்குக் கூடுதல் வந்து சேராதா? பயன்பாட்டுச் சுமைநிலையில் சற்றே வந்து சேரும். ஆனால் இந்தக் கெழுக்கள் மகசூல்கோட்டுக் கொள்கையில் பிறந்தவை. நடுக்கம்பி மகசூல் நிலையை எட்டினால், இவ்வளவு குறைந்த கம்பி வீதத்தில் சிலாப் நொறுங்காமல் வளைந்துகொடுத்து, மீதியைத் தாங்கியின் மேல்கம்பிக்குத் தள்ளும், அங்கே 15.1 வரை இடம் இருக்கிறது.

அந்த இடம் வலப்புற அறைக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் கண்ணி. அந்த அறை தன் கணக்கில் 7.8-க்கு ஆனது, இப்போது அதன் இட விளிம்பில் 15 வரை வரக்கூடும். அறை காலியாக, சுயஎடை மட்டும் இருக்கும் வேளையில், 3.6 மீ. வீச்சின் நடுவிலும்கூட மேல்முகம் இழுபடலாம். விதிநூல் மேல்கம்பியில் குறைந்தது பாதியை 0.3 வீச்சு வரை கொண்டுபோகச் சொல்கிறது. சிறிய அறையின் சொந்த வீச்சில் அது 1.08 மீ.; இங்கே அது போதாது. நான் 8 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் வைத்து, மூலை அறைக்குள் 1.35 மீ. கொண்டுசென்று, வலப்புற அறையில் ஒன்று விட்டு ஒன்றை அடுத்த பீம் வரை முழுதாக ஓடவிடுவேன். மீதமிருக்கும் இடைவெளி 300 மி.மீ., விதியின் வரம்புக்குள்தான்.

நடுவீச்சுக்கு 8 மி.மீ. கம்பி 225 மி.மீ. இடைவெளியில், நீள்திசையில் 250 மி.மீ. இடைவெளியில் போதும். தொடர்ச்சியற்ற மூன்று விளிம்புகளிலும் நடுக்கம்பியில் பாதியளவு மேல்கம்பி, வீச்சில் பத்தில் ஒரு பங்கு உள்ளே நீள வேண்டும். பீமின் முறுக்கு விறைப்பால் கொஞ்சம் எதிர்த் திருப்புத்திறன் அங்கே வந்தே தீரும்.

வகை மாறியதால் மூலைகளின் நிலையும் மாறுகிறது. முன்-இட மூலை மட்டுமல்ல, பின்-இட மூலையும் இப்போது இருபுறமும் தொடர்ச்சியற்றது. இரண்டிலும் வீச்சில் ஐந்தில் ஒரு பங்கான 0.9 மீ. சதுரத்துக்கு, மேல், கீழ் இரு முகங்களிலும், இரு திசைகளிலும், நடுக்கம்பியில் முக்கால் பங்கு, அதாவது மீட்டருக்கு சுமார் 161 சதுர மி.மீ. முறுக்குக் கம்பி வேண்டும். வலப்புற மூலைகளில் ஒரு விளிம்பு தொடர்வதால் அதில் பாதி. அடிக்கம்பி வெட்டப்படாமல் மூலை வரை ஓடினால் கீழ் அடுக்குகளுக்கு அதுவே ஆகும். மேல் வலை மட்டும் தனியே வேண்டும். இது விடுபட்ட வீடுகளில், சிலாப்பின் மேல்முகத்தில் மூலையைக் குறுக்காக வெட்டும் விரிசல் தோன்றும். மூலை மேலெழ முயன்றதன் அடையாளம் அது. பொது பீமின் மேல் நீளவாக்கில் நேராக ஓடும் விரிசல் வேறு கதை: அது மேல்கம்பி குறைந்ததைச் சொல்கிறது, அல்லது கம்பி கட்டியபின் அதை மிதித்துக் கீழே இறக்கியதைச் சொல்கிறது. கம்பி 30 மி.மீ. இறங்கினாலே தாங்குதிறனில் கால் பங்கு போய்விடும். வகை தேர்ந்தெடுத்ததில் நீங்கள் செய்த தவறைவிட அது பெரிய இழப்பு. ஆகவே கான்கிரீட் போடும் நாளில் பொது பீமின் மேல் சேர் கம்பிகள் எத்தனை நிற்கின்றன என்று நேரில் எண்ணிப் பாருங்கள்.

குளியலறைச் சிலாப்புக்கும் இதே அளவுகோல்தான். நான்கு பக்கமும் மட்டம் மாறினால் அது 9-ஆம் வகை; அதன் சுமையில் நிரப்பு மண்ணின் எடையைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.