கேட்டான், விட்டான்: ஒரே ‘ட்’, இரண்டு விடை

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பயிற்சித்தாளில் ‘கேட்டான்’, ‘விட்டான்’ இரண்டுக்குமே “ட் – இறந்தகால இடைநிலை” என்று எழுதினாள். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்று வந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதானே? காரணம் கேட்கும் கட்டத்தில் என்னதான் எழுத வேண்டும்?

பதில்: திருத்தியது சரிதான். ‘விட்டான்’ என்பதில் இடைநிலையே கிடையாது.

எழுத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. சொல்லை ஏவலாக்கிப் பார்க்க வேண்டும். கேட்டான் என்பதன் ஏவல் ‘கேள்’. அதுவே பகுதி, அதில் ட் இல்லை. விட்டான் என்பதன் ஏவல் ‘விடு’. ட் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. பகுதிக்குச் சொந்தமான எழுத்தை எடுத்து இடைநிலை என்று காட்ட முடியாது அல்லவா?

அடுத்து, ஆளை மாற்றாமல் காலத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கேட்டான், கேட்கிறான், கேட்பான். மூன்றிலும் ‘கேட்’ அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் ட், கிறு, ப் என்று மாறி மாறி வருவதுதான் காலம் காட்டும் இடைநிலை. அப்படியென்றால் கேட்டான் என்பதில் உள்ள இரண்டு ட்டில் முதலாவது, பகுதியின் ள் திரிந்து வந்தது. இரண்டாவதுதான் இடைநிலை. “ட் இடைநிலை” என்று எழுதும் பிள்ளைகளில் பலருக்கு எந்த ட் என்று கேட்டால் விடை வராது.

இதையே விட்டான், விடுகிறான், விடுவான் என்று செய்து பாருங்கள். நிகழ்காலத்தில் கிறு, எதிர்காலத்தில் வ் தனியாகக் கிடைக்கின்றன. இறந்தகாலத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. ‘விடு’ என்பதே ‘விட்டு’ என்று இரட்டித்து வேலையை முடித்துவிடுகிறது. மொழியியல் படித்தவர்கள் இந்த இரட்டிப்பையே ஓர் உருபாகக் கணக்கிடுவதுண்டு. பள்ளித் தாளுக்கு நன்னூல் வழியிலேயே போவது நல்லது.

ஆகவே தாளில் இப்படி எழுதலாம்:

கேட்டான் = கேள்(ட்) + ட் + ஆன். கேள் – பகுதி. ‘ள்’ ‘ட்’ ஆனது விகாரம். ட் – இறந்தகால இடைநிலை. ஆன் – படர்க்கை ஆண்பால் வினைமுற்று விகுதி.

விட்டான் = விடு(விட்டு) + ஆன். விடு – பகுதி. ‘விட்டு’ என ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டியது. ஆன் – படர்க்கை ஆண்பால் வினைமுற்று விகுதி.

கற்றான், பெற்றான் இணையும் இதே கதைதான். கல், பெறு என்று ஏவலைச் சொன்னால் போதும், மீதியை உங்கள் மகளே சொல்லிவிடுவாள்.

ஒரு எச்சரிக்கை. குறிலை அடுத்து டு, று வந்தாலே இரட்டிக்கும் என்று மனப்பாடம் செய்துவிட வேண்டாம். ‘எடு’ எடுத்தான் ஆகிறதே தவிர ‘எட்டான்’ ஆவதில்லை. இங்கே எதிர்காலம்தான் துப்புக் கொடுக்கும். விடுவான், தொடுவான், பெறுவான் என்று வ் வந்தால் விட்டான், தொட்டான், பெற்றான் என இரட்டிக்கும். எடுப்பான், கொடுப்பான் என்று ப்ப் வந்தால் எடுத்தான், கொடுத்தான். அங்கே முதல் த் சந்தி, இரண்டாவது த் இடைநிலை. ‘படு’ இரண்டு பக்கமும் போகும்: துன்பப்படுவான் – துன்பப்பட்டான், பாயில் படுப்பான் – படுத்தான்.

இடம் காட்டும் விகுதிக்குக் காரணம் எழுதுவது சுலபம். இப்போது காலத்தை அசைக்காமல் எழுவாயை மாற்ற வேண்டும். நான் கேட்டேன், நீ கேட்டாய், அவள் கேட்டாள். கடைசித் துண்டு மட்டும் மாறுகிறது: ஏன், ஆய், ஆள். “எழுவாய் ‘நான்’ என்பதோடு பொருந்துவதால் ஏன் தன்மை ஒருமை விகுதி” என்று ஒரு வரி போதும். ‘ஆர்’ வந்தால் மட்டும் சிலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் ‘ஆசிரியர் கேட்டார்’ என்பதில் ஆள் ஒருவர்தான். விகுதி பலர்பால், வந்தது மரியாதைக்காக என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

அப்புறம், தாளில் ‘மழை பெய்யும்’ மாதிரி ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே ப், வ் எதையும் தேடி அலைய வேண்டாம். உம் என்ற விகுதியே எதிர்காலத்தையும் காட்டிவிடும். மரம் விழும், மரங்கள் விழும் என இரண்டுக்கும் ஒரே வடிவம் வருவதால், ஒருமையா பன்மையா என்பதை அந்த வினையிலிருந்து சொல்ல முடியாது. எழுவாயைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.