வாரச் சொற்போட்டியில் எந்தச் சொல் செல்லும்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் புதிர்க் குழுவில் ஏழு எழுத்துகளைக் கொடுத்து, அவற்றால் எத்தனை சொற்கள் எழுதலாம் என்று வாரந்தோறும் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு வாரமும் "இது சொல்லே இல்லை" என்று தகராறு. அமைப்பாளருக்குக் கடிதம் எழுதப் போகிறேன். எதை முதலில் கேட்பது?

அகராதியின் பெயரையும் பதிப்பையும் முதலில் கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒன்றே போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதன் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரை வெளிவந்தவை என்பதால் 'கணினி' போன்ற இன்றைய சொற்களை அதில் தேடிப் பயனில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை மட்டும் வைத்தால் பழஞ்சொல் தெரிந்தவர்களுக்கு அநீதி. எனவே கடிதத்தில் இப்படி எழுதலாம்: "பேரகராதியிலோ க்ரியா அகராதியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலோ தலைச்சொல்லாக இடம்பெற்றுள்ள சொல் செல்லும், வேறு எந்தச் சான்றும் ஏற்கப்படாது." 'தலைச்சொல்லாக' என்பதை விட்டுவிடாதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பேரகராதியைத் தேடும்போது, பொருள் விளக்கத்துக்குள் வரும் சொல்லும் அகப்படும். அந்தத் திரையைப் படமெடுத்து "அகராதியில் இருக்கிறதே" என்று காட்டுபவர்களால்தான் பாதித் தகராறு எழுகிறது.

கேள்வி: சென்ற வாரம் ப, ம, டி, த், த, து, ல் கொடுத்தார்கள். நான் எழுதிய 'மடித்து' தள்ளுபடி ஆனது, இன்னொருவரின் 'மடித்தல்' ஏற்கப்பட்டது. என் புள்ளியைத் திரும்பப் பெற வழி உண்டா?

அந்த வாரத்துப் புள்ளிக்கு வழியில்லை. விதி எதுவானாலும் அது அறிவிக்கப்பட்ட நாளுக்குப் பின்னர் நடக்கும் போட்டிகளுக்கே பொருந்த வேண்டும். ஆனால் உங்கள் கேள்வியில்தான் தமிழ்ப் போட்டிகளின் உண்மையான சிக்கல் இருக்கிறது. பேரகராதி வினைச்சொல்லை 'மடித்தல்' என்ற தொழிற்பெயர் வடிவில் தருகிறது. க்ரியாவோ வினையடியைத் தலைச்சொல்லாக வைத்து, 'மடித்து' போன்ற வடிவங்களை அதற்குள் காட்டுகிறது. இரண்டு அகராதிகளையும் ஏற்றால் மடி, மடித்தல் என இரண்டு சொற்கள் ஒரே வினையிலிருந்து கிடைக்கும். தலைச்சொல் என்ற வரம்பு இல்லாவிட்டால் 'மடித்து'வும் சேர்ந்து மூன்றாகும். படி, படித்து, படித்தல் என்று அதே எழுத்துகளில் இன்னும் மூன்று. இப்படிச் சேரும் புள்ளி சொல்லறிவுக்கு உரியதன்று. "ஒரு வினைக்கு ஒரே புள்ளி, வினையடியே எழுதப்பட வேண்டும்" என்று கேட்பதே என் பரிந்துரை. அதன்படி 'மடித்தல்' ஏற்கப்பட்டதும் தவறாகிவிடும். 'படிப்பு' போலத் தனிப் பெயர்ச்சொல்லாக அகராதியில் நிற்பவை தாராளமாகச் செல்லட்டும்.

கேள்வி: அகராதி எதற்கு? இலக்கணம் போதுமே. ஓகாரத்தின் பின் வகர உடம்படுமெய்தான் வரும் என்று நன்னூல் சொல்கிறது. ஆகவே 'கோவில்' சரி, 'கோயில்' தவறு. இதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.

நன்னூல் விதியை நீங்கள் சரியாகவே சொல்கிறீர்கள். ஆனால் 'கோயில்' நெடுங்காலமாக இலக்கியத்திலும் வழக்கிலும் இருக்கிறது, அகராதியும் அதை ஏற்கிறது. போட்டியில் தேவைப்படுவது எவரும் ஒரே நிமிடத்தில் புரட்டிப் பார்த்து ஒரே முடிவுக்கு வரக்கூடிய சான்று. இலக்கண வாதத்தைத் திறந்துவிட்டால் நன்கு வாதிடுபவர் வெல்வார். ஆகவே இந்தக் கோரிக்கையைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அமைப்பாளரே போட்டியிலும் கலந்துகொள்கிறார். அவரே தீர்ப்பும் சொன்னால் சரியாகுமா?

சரியாகாது. அவர்மேல் ஐயம் கொள்ளாமலே இதைக் கடிதத்தில் சொல்லலாம். முடிவு ஞாயிறன்று வந்தால் செவ்வாய் இரவு வரை ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபிப்பவர் அகராதியின் பெயரையும் பக்கத்தையும் குறிப்பிட வேண்டும். அந்த வாரம் விளையாடாத இருவர், சொல்லை எழுதியவர் யார் என்று அறியாமல், சொல்லை மட்டும் பார்த்துத் தீர்க்க வேண்டும். தீர்ப்பு ஆட்சேபித்தவருக்கு மட்டுமன்றி, அந்தச் சொல்லை எழுதிய அனைவருக்கும் பொருந்த வேண்டும். பல குழுக்கள் இதை மறந்துவிடுவதால், வாய்திறவாமல் இருந்தவர் புள்ளியை இழக்கிறார். ஆங்கில ஸ்கிராபிள் போட்டிகள் பலவற்றில், செல்லும் சொல்லை வீணாக ஆட்சேபித்தால் எதிராளிக்கு 5 புள்ளி கூடுதலாகக் கிடைத்துவிடும். எழுத்தில் நடக்கும் வாரப் போட்டிக்கு அந்தத் தண்டனை பொருந்தாது. ஒருவருக்கு வாரம் மூன்று ஆட்சேபம் என்ற வரம்பே போதும்.

கேள்வி: ஊர்ப்பெயர்கள்?

இதில் எனக்கே உறுதியான முடிவில்லை. சிறப்புப் பெயர்கள் செல்லா என்பது பொதுவான விதி. ஆனால் பேரகராதி 'மதுரை' போன்ற பெயர்களுக்கும் தலைச்சொல் கொடுத்திருப்பதால், நான் மேலே சொன்ன முதல் விதிப்படி அவை செல்லும். விலக்குவதென்றால் தனியே எழுதித்தான் விலக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் உறுப்பினர்களின் வாக்குக்கு விடும்படி கடிதத்தில் கேளுங்கள். வாக்கெடுப்பு முடியும் வரை, சிறப்புப் பெயர் அமையாத எழுத்துகளையே தேர்ந்தெடுக்குமாறும் அமைப்பாளரை வேண்டிக்கொள்ளுங்கள்.