நாலு 4 டிபி டிஸ்க் போட்டும் 16 டிபி ஏன் வரவில்லை? மிரரா, பாரிட்டியா?

கேள்வி: நாலு 4 டிபி டிஸ்க் வாங்கி, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் நாஸ் பெட்டியில் போட்டேன். 16 வரும் என்று பார்த்தால் 10.9 டிபி என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? மிரர் போட்டால் இன்னும் குறையுமாமே, எது நல்லது?

கடைக்காரர் மேல் தப்பில்லை. 10.9 என்ற எண்ணைப் பார்த்தாலே நீங்கள் ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும்படி எல்லாவற்றையும் பாரிட்டியோடு சேர்த்துக் கட்டும் முறை, போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பெட்டி கேட்டதற்கெல்லாம் 'நெக்ஸ்ட்' அழுத்தியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் அழுத்தினேன், அதே நாலு 4 டிபி டிஸ்கோடு. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் கணக்கு. 16-இல் ஒரு டிஸ்க் அளவு, அதாவது 4 டிபி, பாரிட்டிக்குப் போகிறது. மிச்சம் 12. டிஸ்க் விற்பவர்களுக்கு ஒரு டிபி என்பது லட்சம் கோடி பைட். உங்கள் பெட்டிக்கோ அது 1024-ஐ நாலு முறை பெருக்கி வருவது, சுமார் 1,09,951 கோடி பைட். 12 லட்சம் கோடியை அதால் வகுத்துப் பாருங்கள், 10.91 வரும். இந்த இரண்டாவது குறைவு நஷ்டமே இல்லை. அதே அரிசியைக் கொஞ்சம் பெரிய படியால் அளந்தால் படி எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். மிரர் என்பது ஒவ்வொரு டிஸ்குக்கும் அச்சு அசலாக ஒரு ஜோடி வைப்பது. அதைப் போட்டால் 16-இல் பாதி போய் 8 டிபி, திரையில் 7.3 அளவில் தெரியும்.

அந்த ஒரு டிஸ்க் அளவு எதற்கு? சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு 'ஒத்தையா, இரட்டையா' விளையாடியிருப்பீர்களே, பாரிட்டி அதுதான். மூன்று டிஸ்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றுகள் இரண்டு, இரட்டைப்படை. அதனால் நாலாவதில் 0 என்று எழுதி வைக்கும். ஒற்றைப்படையாக இருந்தால் 1. நடு டிஸ்க் செத்துப் போனால், மீதி இரண்டிலும் 1 இருக்கிறது, விடை 'இரட்டை' என்றும் தெரியும், ஆகவே காணாமல் போனது 0. (பாரிட்டி ஒரே டிஸ்கில் உட்காராமல் நாலிலும் மாறி மாறி இருக்கும். கணக்கு மாறாது.)

இதில் ஒளிந்திருக்கும் விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது. போன ஒரு பிட்டைக் கண்டுபிடிக்க, மிச்சம் இருக்கும் மூன்று டிஸ்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று முழித்தாலும் விடை கிடையாது. மிரரில் ஜோடி டிஸ்க் ஒன்று பதில் சொன்னால் போதும்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு கோடையில், கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரியில், நாலில் ஒன்று போய்விட்டது. பதற்றமில்லை, ரெய்டு இருக்கிறதே என்ற திமிர். (ரெய்டு என்றதும் என் அப்பா வருமான வரித்துறையா என்று கேட்டது தனிக்கதை.) மறுநாள் இருப்பதிலேயே விலை குறைந்த 4 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கிச் செருகினேன். அதில் வேறு குழப்பமில்லை என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் `cat /proc/mdstat` அடித்தால் இப்படி:

```
[4/3] [UUU_]
recovery = 11.4%  finish=5886.3min  speed=9801K/sec
```

நாலில் மூன்றுதான் உயிரோடு, அந்த அடிக்கோடு செத்த டிஸ்கின் இடம். வினாடிக்கு 10 எம்பிகூட இல்லை, இன்னும் நாலு நாள் ஆகுமாம். 120 எம்பி வேகத்தில் போனால் 4 டிபி ஒன்பது, பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். காரணம், வாங்கியது எஸ்எம்ஆர் டிஸ்க். அதில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஓர் ஓடு மாற்ற மேலே இருப்பதையெல்லாம் எடுத்து அடுக்க வேண்டும். கொஞ்சமாக எழுதினால் தெரியாது, நாள்கணக்கில் எழுதச் சொன்னால் படுத்துவிடும். அட்டைப்பெட்டியில் ஒரு வார்த்தை போட்டிருக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், பழைய மூன்றில் இன்னொன்று ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்றது. பெட்டி அதையும் வெளியே தள்ளியது. மொத்தமும் நின்றுபோனது. அந்தக் கெட்ட இடம் அன்றைக்கு வந்ததல்ல என்பது என் கணிப்பு. யாரும் படிக்காத பழைய கோப்புக்கு அடியில் எப்போதிருந்தோ கிடந்திருக்கும். எல்லா டிஸ்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை மாதம் ஒரு முறை ஓடவிட்டிருந்தால், நாலு டிஸ்கும் நலமாக இருந்தபோதே அது தெரிந்து, பாரிட்டியை வைத்துத் தானே சரிசெய்திருக்கும். நான் ஒரு தடவைகூட ஓடவிட்டதில்லை.

பிறகு அந்த டிஸ்கை இன்னொரு நல்ல டிஸ்குக்கு `ddrescue` போட்டு நகலெடுத்தேன். சில செக்டர்கள் தவிர எல்லாம் வந்தன. நகலையும் மற்ற இரண்டையும் சேர்த்து `mdadm --assemble --force` கொடுத்து எழுப்பினேன். அசல் டிஸ்கின் மேலேயே இந்த வேலையைச் செய்யாதீர்கள், அது நடுவில் செத்தால் கதை முடிந்தது. போனது ஒரே ஒரு வீடியோ, மச்சினன் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் காட்சி.

அந்த மச்சினனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீடியோக்காரர் 600 ஜிபியை ஒரு டப்பா டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார்.  மச்சினனோ 'மாமா, உங்ககிட்டதான் 16 டிபி இருக்கே' என்று அத்தனையையும் என் தலையில் கொட்டினார். ரசம் போன விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

அன்றோடு இரண்டு ஜோடி மிரருக்கு மாறிவிட்டேன். இடம் போனது உண்மைதான். ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் அதன் ஜோடியை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்து எழுதினால் போதும், மற்ற ஜோடி பாட்டுக்கு வேலை செய்யும். ஜோடியிலும் கெட்ட செக்டர் இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம், ஆனால் பரீட்சை எழுதுவது மூன்று பேரல்ல, ஒருவர்தான். 'ரெய்டு 6 போட்டால் அதே 8 டிபிதானே, எந்த இரண்டு போனாலும் தாங்குமே' என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரிதான், மறுக்கவில்லை. என் பெட்டியின் பிராசசர் சின்னது, கூடவே பாரிட்டியில் சின்னச் சின்னதாக எழுதினாலும் பழையதைப் படித்துக் கணக்குப் போட்டு எழுதும் வேலை இருக்கிறது. எனக்கு மிரர் ஒத்துவந்தது. இரண்டுமே பேக்கப் ஆகாது என்பதும் தெரியும். நீங்கள் அழித்த கோப்பு ஜோடி டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். புகைப்படங்களுக்கென்று பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு டிஸ்க் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு? பெட்டியில் இருப்பது மறுபடி எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளக்கூடிய சினிமாப் படங்கள் என்றால் ரெய்டு 5-லேயே இருங்கள், 10.9-ஐ அனுபவியுங்கள். குடும்பப் புகைப்படம் என்றால் பெட்டி காலியாக இருக்கும் இந்த வாரமே மிரருக்கு மாற்றிவிடுங்கள். நிரம்பிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் அத்தனையையும் வேறெங்காவது இறக்கி வைக்க வேண்டும். எதைப் போட்டாலும் ஸ்கிரப்பை மாதம் ஒரு முறைக்கு அமைத்துவிடுங்கள். உங்கள் நாலு டிஸ்கின் மாடல் எண்ணையும் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆரா, இல்லை எஸ்எம்ஆரா என்று இங்கே எழுதுங்கள். எஸ்எம்ஆராக இருந்தால் கடை திரும்ப வாங்கிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் போய் நில்லுங்கள்.