35 நாட் எத்தனை மீட்டர் பெர் செகண்ட்?

"புல்லட்டின்ல காத்து 35 நாட்னு இருக்கு, நான் மாத்தினா 9.7 மீ/வி வருது, ஆனா சார்ட்ல 18னு போட்டிருக்கு, எங்க தப்பு?"

18தான் சரி. நாட்டை 0.5144ஆல பெருக்கணும், 35 × 0.5144 = 18.0.

நீங்க 3.6ஆல வகுத்திருப்பீங்கன்னு நினைக்கிறேன், 35ஐ அப்படி வகுத்தா கரெக்டா 9.7 வருது. அது கிலோமீட்டர் பெர் ஹவருக்கு உள்ள கணக்கு, நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிமீ. செக் பண்ணணும்னா முதல்ல 1.852ஆல பெருக்குங்க, 64.8 கிமீ வரும், அப்புறம் 3.6ஆல வகுத்தா அதே 18 வந்துடும்.

மனசுலயே போடணும்னா பாதியாக்கி அதுல 3 சதவீதம் கூட்டுங்க, 17.5 கூட அரை, அவ்ளோதான்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஏர்போர்ட் ரிப்போர்ட்ல காத்து நம்பருக்குப் பின்னாடி `KT`னு இருந்தாதான் நாட், சில நாடுகள்ல `MPS`னு வரும், அது ஏற்கனவே மீ/வி, திரும்ப பெருக்கிடாதீங்க.