லேசர் பண்ணா ஆண்மை போயிடுமா?

"டாக்டர், எனக்கு 59 வயசு, புளியரை பக்கம். ஸ்கேன்ல ப்ராஸ்டேட் 85 கிராம்னு வந்திருக்கு. திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் லேசர்ங்கிறார், இன்னொருத்தர் கீஹோல்ங்கிறார். எது பண்ணாலும் 'அந்த விஷயம்' அதோட முடிஞ்சிடும்னு நெட்ல போட்டிருக்கு. எட்டு மாசமா மூத்திரம் சரியா போக டாம்சுலோசின் மாத்திரை போடுறேன், விந்து கம்மியாயிடுச்சு. மெடிக்கல்ல கேட்டு விறைப்புக்கு மாத்திரை வாங்கிப் போட்டேன், தலை சுத்திடுச்சு. மூத்திரம் ரெண்டா பிரிஞ்சு போகுது. பத்து நாளா தூக்கத்துல வேஷ்டி நனையுது, ஆனா வலி ஒண்ணும் இல்ல."

அண்ணாச்சி, முதல்ல அந்த வேஷ்டி. கடைசி வரியில போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு கவலை தந்தது அது ஒண்ணுதான். இந்த வயசு ஆம்பளைக்கு தூக்கத்துல தன்னால நனைஞ்சா, மூத்திரப்பை காலியாகாம நிரம்பி வழியுதுன்னு அர்த்தமா இருக்கலாம். மாசக்கணக்கா மெல்ல மெல்ல விரியிற பை வலிக்காது, அதனால வலி இல்லன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. அந்த அழுத்தம் மேல ஏறி கிட்னிய கெடுக்கும். நாளைக்கே தென்காசிக்கு போய் ரத்தத்துல கிரியேட்டினின் பாருங்க, ஒண்ணுக்கு போயிட்டு வந்த உடனே வயித்து ஸ்கேன் எடுத்து உள்ள எவ்வளவு மிச்சம் நிக்குது, கிட்னி வீங்கியிருக்கான்னு கேளுங்க. என்கிட்ட வந்த ஒருத்தருக்கு இப்படித்தான் வேஷ்டி நனைஞ்சுது, மூத்திரப்பைக்கு டியூப் போட்டப்ப ஒண்ணே கால் லிட்டர் வந்துச்சு. டியூப் போடணும்னா பெட்ல சேர்ந்தே போட்டுக்கோங்க, அடைப்பு எடுத்ததும் சிலருக்கு மூத்திரம் கட்டுக்கடங்காம போகும், அதை கூட இருந்து பாக்கணும். லேசரா கீஹோலாங்கிற பேச்செல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

மூத்திரம் ரெண்டா பிரியறத மட்டும் வச்சு பயப்பட வேண்டாம், ஆனா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. விந்து கம்மியானதுக்கு பெரும்பாலும் டாம்சுலோசின்தான் காரணம், ஆனா கிட்னி ரிசல்ட் வராம நீங்களா அதை நிறுத்தாதீங்க. மெடிக்கல்ல வாங்குன மாத்திரைய மட்டும் இனி தொடாதீங்க! அதுவும் டாம்சுலோசினும் சேர்ந்தா பிரஷர் சட்டுனு இறங்கலாம், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்குறவரா இருந்தா உயிருக்கே ஆபத்து.

இப்ப நீங்க நெஜமாவே பயப்படுற விஷயம். நெட்ல படிச்சது பெரும்பாலும் கேன்சருக்கு ப்ராஸ்டேட்ட முழுசா எடுக்குற ஆபரேஷனோட கதையா இருக்கும். உங்களுக்கு பண்றது வேற. நுங்கு தோண்டுறத நெனச்சுக்கோங்க, உள்ள இருக்குற சதைய மட்டும் எடுத்துட்டு கூட்ட அப்படியே விட்டுடுறாங்க. விறைப்புக்கான நரம்பு அந்தக் கூட்டுக்கு வெளிய ஓரமா போகுது. லேசர்ல மூத்திரப் பாதை வழியா உள்ள போவாங்க, வெளிய வெட்டே கிடையாது. கீஹோல்னா வயித்துல சின்ன ஓட்டை போட்டு வருவாங்க, அது ரொம்ப பெரிய ப்ராஸ்டேட்டுக்கு. ரெண்டுலயும் தோண்டுறது அதே சதையத்தான். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி விறைப்பு நல்லா இருந்தா பெரும்பாலானவங்களுக்கு அப்புறமும் அப்படியேதான் இருக்கும், கொஞ்ச பேருக்கு குறையலாம், சுகர் இருக்கறவங்களுக்கு விறைப்பு ஏற்கனவே தளர்ந்திருக்கலாம்.

மாறுறது விந்து வெளிய வர்றது. உச்சத்துல மூத்திரப்பையோட வாய் இறுக மூடிக்கிறதாலதான் விந்து முன்னாடி வருது, தோண்டுனதுக்கு அப்புறம் அந்த வாய் அகலமாயிடும், விந்து பைக்குள்ள போய் அடுத்த தடவை மூத்திரத்தோட கலங்கலா வந்துடும். முழுசா தோண்டுனா பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு இது நடக்கும், பெரும்பாலும் நிரந்தரமா. உடம்புக்கு கெடுதல் இல்ல, உச்ச சுகம் பொதுவா இருக்கும், சிலர் மட்டும் வித்தியாசமா இருக்குங்குறாங்க. ஆனா இனி குழந்தை வேணும்னா முன்னாடியே சொல்லிடணும். ஆரியங்காவுல டீக்கடை வச்சிருக்கிற ஒருத்தர் லேசர் பண்ணி ஆறு வாரம் கழிச்சு கண் கலங்கி வந்து உக்காந்தார், "எல்லாம் போச்சு டாக்டர், ஒண்ணுமே வரல"ன்னார். விறைப்பு இருக்கா, இருக்கு. சுகம் இருக்கா, இருக்கு. அப்ப எதுவும் போகல, ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் அவருக்கு இத எடுத்து சொல்லல, அவ்வளவுதான்.

அதனால சர்ஜன்கிட்ட கூச்சப்படாம கேளுங்க. லேசர்ல சதைய தோண்டி எடுப்பீங்களா, ஆவியாக்குவீங்களா? தோண்டி எடுத்தாதான் சதைய டெஸ்டுக்கு அனுப்பி கேன்சர் இருக்கான்னு பாக்க முடியும். விந்து வர்ற வாய்கிட்ட கொஞ்சம் சதைய விட்டு வைக்க முடியுமா, விட்டா மூத்திரம் எவ்வளவு சரியா போகும்? உங்க கையில பண்ணவங்கள்ல எத்தனை பேருக்கு விந்து நின்னுச்சு? சதைய நீராவியால சுருக்குறது, கிளிப் போட்டு ஒதுக்கி வைக்கிறது மாதிரி முறைங்க விந்த பெரும்பாலும் காப்பாத்தும், ஆனா 85 கிராமுக்கு, அதுவும் பை நிரம்பி வழியற உங்களுக்கு, அது பத்துமாங்கறது எனக்கு சந்தேகம்தான், அதையும் அவர்கிட்டயே கேட்டுடுங்க. இப்ப விறைப்பு எப்படி இருக்குன்னு கேஸ் ஷீட்ல எழுதச் சொல்லுங்க, பின்னாடி எதையாவது ஒப்பிட்டுப் பாக்கணும்னா அது வேணும். வீட்டுல அக்காவயும் அன்னைக்கு கூட்டிட்டு போங்க.